சுவிட்ச் மாற்றியதும் உறுமத் தொடங்கிய கூலர் பம்ப்

கேள்வி: ஏர் கூலரில் சுவிட்ச் மாற்றினேன். ஃபேன் ஓடுகிறது, பம்ப் ‘ம்ம்ம்’ என்று உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை. பம்ப், ஃபேன், சுவிட்ச் மூன்றுக்கும் வயர் எப்படிக் கொடுக்க வேண்டும்? பம்ப் போய்விட்டதா?

பம்பைக் கழற்றும் முன் ஒரு சின்ன சோதனை. ஃபேனை ஹையில் வைத்து பம்பின் சத்தத்தைக் கேளுங்கள். அணைத்துவிட்டு, லோவில் வைத்து மறுபடி கேளுங்கள். ஹையில் தண்ணீர் ஏறி, லோவில் உறுமல் மட்டும் வந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது, அதன் வயர் தப்பான இடத்தில் மாட்டியிருக்கிறது. எந்த வேகத்தில் வைத்தாலும் உறுமினால் பம்பைப் பார்க்க வேண்டியதுதான்.

இரண்டும் எனக்கு ஒரே கூலரில் நடந்தது. ரோட்டரி சுவிட்ச் கருகிப்போனதால் புதிது மாட்டினேன். ஃபேனின் மூன்று வேகமும் சரியாக வந்தன. பம்ப் மட்டும் உறுமியது. ஃபேன் ஒழுங்காக ஓடும்போது சுவிட்ச் மேல் சந்தேகம் வராது, அதனால் பம்பைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், பிறகு புதுப் பம்பே போட்டேன். புதுப் பம்பும் உறுமியது. மோட்டார் காயில் கட்டும் அண்ணன் ஒருவரிடம் சொன்னேன். “பம்ப் வயரை எங்க குடுத்திருக்க?” என்று மட்டும் கேட்டார். “ஹை நம்பர்லண்ணே.” “அப்ப லோல வச்சிட்டு பம்ப் வயர்ல வோல்டேஜ் பாரு.”

பார்த்தேன். பிளக்கில் 228 வோல்ட். ஹையில் வைத்தால் பம்புக்கும் 228. மீடியத்தில் 182. லோவில் 149.

ஏன் என்று புரிந்துவிட்டால் வயரிங் முழுவதும் புரிந்துவிடும். கூலர் ஃபேன் மோட்டாரில் வேகத்துக்குத் தனித்தனி காயில் கிடையாது. ஒரே நீளமான காயிலில் இடையிடையே வயர் வெளியே எடுத்திருப்பார்கள். ஹை வயரில் ஃபேஸ் கொடுத்தால் முக்கியக் காயில் மட்டும் வேலை செய்யும். லோவில் கொடுத்தால் கூடுதல் சுற்றுகளைத் தாண்டித்தான் மின்சாரம் முக்கியக் காயிலுக்குப் போகும், அதனால் ஃபேன் மெதுவாகச் சுற்றும். இப்போது ஹை வயர் சும்மா கிடக்கிறது என்று நாம் நினைப்போம். அது சும்மா இல்லை. காயிலின் நடுவிலிருந்து வருகிற வயர் அது. கூடுதல் சுற்றுகள் கொஞ்சம் வோல்டேஜைத் தின்றுவிட்டு மிச்சத்தை அங்கே விட்டிருக்கும். பம்பை அந்த முனையில் மாட்டியிருந்தால் அந்த மிச்சம்தான் பம்புக்குக் கிடைக்கும். 228க்கு 149 என்றால் மூன்றில் இரண்டு பங்கு. காந்த ரோட்டார் உள்ள பம்பில் இழுவிசையும் ஏறக்குறைய அதே அளவு குறையும். சாதாரண இண்டக்ஷன் பம்பில் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும், அதாவது பாதிகூட மிஞ்சாது. காயில் அதிரும், ரோட்டார் அசையாது. நாம் கேட்கும் உறுமல் அதுதான்.

இதைத் தலைகீழாகச் செய்வது இன்னும் மோசம். பம்பை லோ முனையில் கொடுத்துவிட்டு ஃபேனை ஹையில் ஓட்டினால், கூடுதல் சுற்றுகளில் தூண்டப்படும் வோல்டேஜும் மேலே சேர்ந்துகொள்ளும். லோ முனையில் பெரும்பாலும் வீட்டு மின்சாரத்தைவிட அதிகமாகவே இருக்கும். பம்ப் சில நாள் ஜோராக ஓடி, பிறகு கருகும். பயன்படாத வேக வயரின் நுனியை டேப் சுற்றாமல் விடக்கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

சரியான வயரிங் இப்படி. பிளக்கிலிருந்து வரும் ஃபேஸை, ரோட்டரி சுவிட்சுக்குள் போகும் முன்னாலேயே இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு கிளை ரோட்டரியின் உள்முனைக்குப் போகும். அந்த முனையில் ‘எல்’ என்ற எழுத்து இருக்கும். அங்கிருந்து 1, 2, 3 எண்கள் மோட்டாரின் மூன்று வேக வயர்களுக்குப் போகும். இன்னொரு கிளை பம்பின் தனி சுவிட்சுக்கு, அங்கிருந்து பம்பின் ஒரு வயருக்கு. பம்பின் இன்னொரு வயரும் மோட்டாரின் பொது வயரும் நேராக நியூட்ரலில் சேரும். ஊசலாடும் லூவர் மோட்டார் இருந்தால் அதுவும் பம்ப் மாதிரியேதான், தனி சுவிட்ச். கெபாசிட்டரின் இரண்டு வயரும் ஏற்கெனவே இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், சுவிட்ச் மாற்றுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எர்த் வயர் மோட்டாரின் உடம்பிலும், கூலர் இரும்புப் பெட்டி என்றால் பெட்டியிலும் திருகால் இறுக்கியிருக்க வேண்டும். தண்ணீரும் இரும்பும் ஒன்றாக இருக்கும் பொருள் இது. எர்த் இல்லாத பிளக்கில் இதை ஓட்டாதீர்கள்.

சுவிட்ச் வெட்டுவது ஃபேஸைத்தான், நியூட்ரலை அல்ல. நியூட்ரலை வெட்டினாலும் பம்ப் நிற்கும், ஆனால் தண்ணீருக்குள் இருக்கும் காயிலில் ஃபேஸ் நின்றுகொண்டே இருக்கும். எப்படியிருந்தாலும் தொட்டியில் கைவைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை நம்பாதீர்கள்.

புது ரோட்டரியை மாட்டும் முன் மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, ஒவ்வொரு நிலையிலும் ‘எல்’ முனை எந்த எண்ணோடு சேர்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் சுவிட்சுகளில் சில, ஒரு நிலையில் இரண்டு முனைகளைச் சேர்த்துவிடும். அவை வேறு பொருள்களுக்கானவை. கூலர் மோட்டாரில் அப்படி இரண்டு வேக வயர்கள் ஒன்றாகச் சேர்ந்தால், இடையில் உள்ள சுற்றுகள் ஷார்ட் ஆகி மோட்டார் கொதிக்கும். ஒரு நிலைக்கு ஒரு எண் மட்டும் சேர வேண்டும். சில கூலர்களில் ‘கூல்’ நிலையில் பம்புக்கென்று தனித் தொடர்பு உள்ள சுவிட்ச் வரும். அதில் பம்பின் முனை எந்த வேக முனையோடும் உள்ளுக்குள் சேராமல் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

வோல்டேஜ் பார்ப்பதையும் சொல்லிவிடுகிறேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மீட்டரின் கிளிப்புகளை பம்ப் வயர் ஜாயின்ட்டில் மாட்டி, கையை எடுத்த பிறகு மின்சாரம் கொடுங்கள். பம்ப் இணைப்பில் இருக்கும்போதே பார்க்க வேண்டும். மூன்று வேகத்திலும், ஃபேனை நிறுத்தியும், ஒரே எண் வந்தால் வயரிங் சரி.

என் கூலரில் பம்பைத் தனி சுவிட்சுக்கு மாற்றிவிட்டு, பழைய பம்பையே திரும்பப் போட்டேன். ஓடியது. பத்து நாள் கழித்து மறுபடி உறுமல். இந்த முறை எல்லா வேகத்திலும் 228 வந்தது. ஆக, கோளாறு பம்பில்தான்.

இந்த இடத்தில் உறுமலின் வகையைக் கேட்டுப் பாருங்கள். கனமாக, ஒரே சுருதியில் அதிர்ந்தால் ரோட்டார் சுற்றவில்லை. லேசான சுழல் சத்தம் வந்தும் தண்ணீர் இல்லையென்றால் ரோட்டார் சுற்றுகிறது, தண்ணீர்தான் போகவில்லை. அப்போது பம்பின் வாயிலிருந்து குழாயைக் கழற்றி, தண்ணீரில் முழுதாக மூழ்கவைத்து ஓட்டுங்கள். தண்ணீர் பீறிட்டால் குழாய் மடங்கியிருக்கிறது அல்லது மேலே தண்ணீர் பிரிக்கும் ஓட்டைகள் அடைத்திருக்கின்றன. வரவில்லையென்றால் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் உடைந்திருக்கும். காற்று சிக்கியிருந்தால் பம்பைத் தண்ணீருக்குள்ளேயே சாய்த்து நிமிர்த்தினால் குமிழி வெளியேறிவிடும், பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான்.

என்னுடையது கனமான உறுமல். அது காந்த ரோட்டார் பம்ப், மீன்தொட்டியில் இருப்பது மாதிரி. அடிமூடியைத் திருப்பிக் கழற்றினால் இம்பெல்லரும் காந்தமும் ஒன்றாக வெளியே வரும். காந்தம் இழுத்துப் பிடிக்கும், அதனால் நேராக இழுக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் நடுவில் உள்ள பீங்கான் தண்டு உடையும். வெளியே எடுத்துப் பார்த்தேன். காந்தத்தின் மேல் சுண்ணாம்புப் படிவு வெள்ளைத் தோலாக ஒட்டியிருந்தது, தண்டைச் சுற்றி பேடின் நார் ஒன்று நூல் சுற்றியதுபோல் இறுகியிருந்தது.

இந்த வகைப் பம்பில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. காந்தத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இம்பெல்லரைத் திருப்பினால், கொஞ்ச தூரம் தளர்வாகச் சுற்றி, பிறகுதான் பிடிக்கும். தேய்மானம் என்று நினைத்துப் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். அது வேண்டுமென்றே வைத்த தளர்வு. மின்சாரம் வந்ததும் காந்தம் முன்னும் பின்னும் துடித்து, அந்தத் தளர்வுக்குள் சுமை இல்லாமல் வேகம் பிடித்து, அதன் பிறகே இம்பெல்லரைத் தள்ளும். அந்த இடுக்கில் சுண்ணாம்பு ஏறி இறுகிவிட்டால், விரலால் மொத்த ரோட்டாரும் நன்றாகவே சுற்றும், ஆனால் பம்ப் கிளம்பாது, உறுமும். என் பம்பில் அதுதான் நடந்திருந்தது.

வெதுவெதுப்பான தண்ணீரில் சிட்ரிக் அமிலத் தூளைக் கரைத்து ரோட்டாரை ஒரு மணி நேரம் ஊறவிட்டேன், வினிகரும் போதும். நுரை அடங்கியதும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன், ரோட்டார் உட்காரும் குழியையும்தான். கத்தியால் சுரண்டினால் காந்தத்தின் மேல் உள்ள பிளாஸ்டிக் உறை கிழிந்துவிடும், சில வகைக் காந்தங்கள் துருப்பிடித்து உப்பும். கழுவி மாட்டிவிட்டு, கூலரில் வைக்கும் முன் ஒரு பக்கெட் தண்ணீரில் மூழ்கவைத்து ஓட்டிப் பார்த்தேன். பத்து முறை அணைத்துப் போட்டேன், பத்து முறையும் கிளம்பியது. ஒரு முறை கிளம்பியதோடு திருப்தி அடையாதீர்கள், இறுக்கம் மிச்சமிருந்தால் நாலாவது ஐந்தாவது தடவையில் காட்டிக்கொடுத்துவிடும். வறண்ட நிலையில் ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம், தண்டைக் குளிர்விப்பதும் வழுக்கவைப்பதும் தண்ணீர்தான்.

இந்தச் சின்னப் பம்புகளில் பொதுவாகக் கெபாசிட்டர் கிடையாது, அதனால் உறுமல் என்றதும் அதைத் தேட வேண்டாம். ஃபேன் உறுமிக்கொண்டு நின்றால்தான் அதைச் சந்தேகிக்க வேண்டும்.

காயிலை மூடிய ரெசின் வெடித்திருந்தாலோ, உப்பியிருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, பம்பைப் போட்டதும் கசிவு பிரேக்கர் விழுந்தாலோ அந்தப் பம்பைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். சுத்தம் செய்து ஓடவைக்க முடிந்தாலும், மின்சாரம் தண்ணீருக்குள் கசியும். புதுப் பம்பின் வயர் நீளம் போதவில்லையென்றால் ஜாயின்ட்டைத் தொட்டிக்கு மேலே, சுவிட்ச் பெட்டிக்குள் வையுங்கள். தொட்டிக்குள் எத்தனை சுற்று டேப் சுற்றினாலும் தண்ணீர் ஏறும்.