மங்கிய மாயச் சதுரத்தில் இருப்பது 1 ஆ, 7 ஆ?

மண்டபத்தில் உப்புக் காற்றில் நமுத்த புதிர்ப் பக்கத்தைப் படமெடுத்தேன். வரிசை, நெடுவரிசை, மூலைவிட்டம் எல்லாம் ஒரே கூட்டுத்தொகை தரும் 3×3 மாயச் சதுரத்தில் நான்கு எண்களே தெரிகின்றன. விதியை எப்படிக் கண்டுபிடிப்பது?

நடு எண்ணிலிருந்து தொடங்குங்கள். நடுக்கட்டத்தின் வழியே செல்லும் நான்கு கோடுகளையும் கூட்டினால், ஒன்பது எண்களும் ஒருமுறையும், நடு எண் மட்டும் மேலும் மூன்று முறையும் வருவதால், ஒரு வரிசையின் கூட்டுத்தொகை எப்போதும் நடு எண்ணின் மூன்று மடங்காகும். உங்கள் நடு எண் 11. எனவே தொகை 33.

மேல் வரிசையில் 14 ஐ அடுத்திருப்பது படத்தில் 1 போலவே தெரிகிறது. அதே நெடுவரிசையின் கீழே உள்ள 15 தெரியாதிருந்தால், 1 என்று வைத்தும் சதுரம் பிசகின்றி நிரம்பியிருக்கும், ஏமாறுவது இங்கேதான். 33 − 11 − 15 = 7 என்பதால், 7 இன் மேல்கோடுதான் அழிந்திருக்கிறது. வரிசைகள்: 14, 7, 12; 9, 11, 13; 10, 15, 8. அதாவது, 7 முதல் 15 வரையுள்ள எண்கள்.