ஓதுவாரிடம் அனுமதிக் கடிதம்: கேள்வி பதில்

கேள்வி (கடலூர், தேவனாம்பட்டினம்): மாசி மகத் தீர்த்தவாரி வீடியோவுக்குப் பின்னணியாக ஓர் ஓதுவார் பாடிய திருப்பாதிரிப்புலியூர் பதிகம் வேண்டும். போனில் "தாராளமா போட்டுக்கோங்க"ன்னு சொல்லிட்டார். போதாதா?

போதாது. பதிப்புரிமைச் சட்டத்தில் உரிமம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அதோடு, பாடியவரே ஒலிப்பதிவின் உரிமையாளர் என்று நினைத்துவிடாதீர்கள். காசு போட்டுப் பதிவு செய்த கேசட் கம்பெனியிடம்தான் பெரும்பாலும் அது இருக்கும். அதனால் கடிதத்தில் முதலில் இதைக் கேளுங்கள்:

"ஐயா, வணக்கம். தாங்கள் பாடிய பதிகத்தின் முதல் 2 நிமிடங்களை, எங்கள் சேனலில் வரும் ஒரே ஒரு வீடியோவில் பின்னணியாகச் சேர்க்க விரும்புகிறோம். வீடியோவில் விளம்பரம் வரும். இந்த ஒலிப்பதிவின் உரிமை தங்களிடம் உள்ளதா, வெளியிட்ட நிறுவனத்திடம் உள்ளதா? தங்களிடம் இருந்தால், வீடியோ இணையத்தில் இருக்கும் காலம் முழுவதும், எல்லா நாடுகளிலும் பயன்படுத்த அனுமதி தந்து கீழே கையொப்பமிட வேண்டுகிறோம்."

காலத்தையும் நாட்டையும் விட்டுவிட்டால் 5 வருடம், இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். விளம்பர விஷயத்தை மறைக்காதீர்கள். பின்னால் மனக்கசப்பு வருவதே அதில்தான்.

கேள்வி (புதுச்சேரி, முத்தியால்பேட்டை): அப்பர் பாடினது 7-ஆம் நூற்றாண்டுல. அது யாருக்கும் சொந்தமில்லையே, எதுக்குக் கடிதம்?

பாட்டு வரையில் நீங்கள் சொல்வது சரி. நீங்களே பாடிப் போட்டால் யாரும் உரிமை கேட்க முடியாது. ஆனால் ஒலிப்பதிவு தனிச் சொத்து, அதற்கு 60 வருடம் உரிமை. 1994-ல் வெளிவந்த கேசட் என்றால் 2054 முடியும் வரை. வாத்திய இசையைப் புதிதாக யாராவது அமைத்திருந்தால் அவருக்கும் பங்கு உண்டு.

கேள்வி (நெல்லிக்குப்பம்): எங்க அம்மன் கோயில் ஆடித் திருவிழாவுல மைக்செட்ல பாட்டு போடுறோம். நாங்களும் கடிதம் எழுதணுமா?

அது வேறு சங்கதி. உண்மையான சமயச் சடங்கின்போது போடுவதற்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. அதை வீடியோ எடுத்துச் சேனலில் ஏற்றினால் அந்த விலக்கை நம்ப முடியாது.

கேள்வி (திருவந்திபுரம்): பாடகர் அம்மா கையெழுத்துப் போட்ட கடிதம் இருக்கு. இருந்தும் யூடியூப்ல கிளெய்ம் விழுந்திருச்சு!

கிளெய்ம் போடும் இயந்திரம் உங்கள் கடிதத்தைப் படிக்காது. கிளெய்ம் விவரத்தில் இருக்கும் பெயரைப் பாருங்கள். கம்பெனி பெயர் இருந்தால், உரிமையை அம்மா எழுதிக் கொடுத்துவிட்டாரா என்று அவரிடமே பழைய ஒப்பந்தத்தைக் கேளுங்கள். அவரிடம்தான் இருக்கிறது என்றால் கடிதத்தைச் சொல்லி மறுப்புப் போடலாம். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள். கம்பெனியிடம் என்றால் மறுப்பு வேண்டாம், அவர்களிடமே அனுமதி கேளுங்கள்.

எனக்கும் இப்படித்தான் ஆனது. பாடகருக்கே தன் ஒப்பந்தம் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. கம்பெனிக்கு இரண்டு முறை எழுதிவிட்டேன், இன்னும் பதில் இல்லை. அதுவரை அந்த வீடியோவில் கோயில் மணிச்சத்தம் மட்டும்தான்.