வாட்சில் ரிப்ளை: வாங்கும் முன் கேளுங்கள்

கேள்வி (தேவகோட்டை வாசகி): பெட்டியில் 'மெசேஜ் ரிப்ளை' என்று போட்டிருந்தது. 2,800 ரூபாய். கட்டிப் பார்த்தால் ஆங்கிலத்தில் ஐந்தாறு வரிதான் வருகிறது, நானாக எதுவும் எழுத முடியவில்லை. மகனின் பழைய ஐபோனில் இணைத்தால் அதுவும் போகவில்லை. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார்.

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை, ஆச்சி. இந்த விலையில் வரும் 'காலிங்' வாட்சுகளில் பொதுவாகக் கீபோர்டு இருக்காது. பேச்சை எழுத்தாக்கவும் செய்யாது. மைக் இருப்பது போன் பேசத்தான். முன்பே எழுதி வைத்த வரியைத் தட்டி அனுப்புவதையே ரிப்ளை என்று விற்கிறார்கள். அதற்கும் ஆண்ட்ராய்டு போன் வேண்டும். ஐபோனுக்கு வரும் செய்திக்குப் பிற நிறுவன வாட்சிலிருந்து பதில் அனுப்ப இங்கே வழியில்லை.

நானும் 'வாய்ஸ்' என்று அச்சிட்ட ஒன்றை வாங்கினேன். அந்தப் பொத்தான் போனில் இருக்கும் குரல் உதவியை எழுப்பியதோடு சரி. அந்தக் கடையும் திருப்பி எடுக்கவில்லை.

பெட்டியின் நான்கு பக்கத்தையும் பில்லையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதில் முடியாவிட்டால் சிவகங்கையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.

கேள்வி (புதுவயல்): என்னிடம் ஆண்ட்ராய்டு போன். செகண்ட் ஹேண்ட் ஆப்பிள் வாட்ச் மலிவாகக் கிடைக்கிறது. ரிப்ளைக்கு ஆகுமா?

பதில்: ஆகாது.

கேள்வி (பள்ளத்தூர், கல்யாணச் சமையல்): வேலையில் கை மாவும் எண்ணெயுமாக இருக்கும். பேசினால் எழுதிக்கொள்ளும் வாட்ச் வாங்கலாமா? வாடிக்கையாளர்களுக்குத் தமிழில்தான் பதில் போடுவேன்.

பதில்: கடையில் டெமோ காட்டுகிறவர் வாட்சிடம் 'ஓகே, தேங்க்யூ' என்று ஆங்கிலத்தில் சொல்வார். அது அச்சுப்பிசகாமல் திரையில் வரும், நாமும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவோம். தமிழில் ஒரு வரி சொல்லிக் காட்டச் சொன்னால் அவருக்கு முகம் மாறுகிறது. தமிழ்நாட்டில் கடை வைத்துத் தமிழருக்கு விற்கிறவர்கள் அதைச் சோதித்துப் பார்க்காததை என்னால் ஏற்க முடியவில்லை.

அதனால் உங்கள் போனையே கடைக்குக் கொண்டுபோய் இணைக்கச் சொல்லுங்கள். வாட்சின் குரல் உள்ளீட்டு மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், நீங்கள் அன்றாடம் அனுப்பும் வரியைச் சொல்லுங்கள்: 'வெள்ளிக்கிழமை காலை முந்நூறு இலை, மதியம் எண்ணூறு இலை.' ஊர்ப் பெயரும் எண்ணிக்கையும்தான் முதலில் தவறும். முந்நூறு 'நூறு' என்று பதிவாகி நீங்கள் பார்க்காமல் அனுப்பிவிட்டால் பந்தியில் இலை போதாது. எண் இருக்கும் பதிலைத் திரையில் வாசித்துவிட்டே அனுப்புங்கள். முடிந்தால் அதைப் போனில் பேசிவிடுங்கள்.

பல வாட்சுகளில் பேச்சை எழுத்தாக்க இணையம் வேண்டும். அந்த இணையம் பெரும்பாலும் உங்கள் போன் வழியாக வருகிறது. போன் மண்டபத்து அறையில், நீங்கள் பின்கட்டு அடுப்படியில் என்றால் புளூடூத் எட்டாது; வாட்ச் சுற்றிக்கொண்டே நிற்கும். எக்ஸாஸ்ட் ஃபேனும் கிரைண்டரும் ஓடும் இடத்தில் மணிக்கட்டை வாயருகே கொண்டுபோனாலும் சொற்கள் விழுந்துபோகும். எண்ணெய்க் கையால் கீபோர்டைத் தட்டலாம் என்றும் நினைக்காதீர்கள். 30 மி.மீ. அகலத் திரையில் ஆங்கில எழுத்து பத்தை ஒரு வரிசையில் அடுக்கினால் ஒரு எழுத்துக்கு 3 மி.மீ. கிடைக்கும், விரல் நுனி அதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரியது. நெருக்கத்தில் விழும் தவறை வாட்ச் அகராதியைப் பார்த்துத்தான் திருத்துகிறது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தால் அந்த அகராதியே எதிரியாகிவிடும்: 'varen' என்று அடித்தால் வேறு ஏதாவது சொல்லாக மாற்றி வைக்கும்.

உங்களுக்கு உண்மையில் உதவப்போவது தயார் பதில்தான். போனில் இருக்கும் வாட்ச் ஆப்பில் தமிழிலேயே எழுதி வையுங்கள்: 'அடுப்படியில் இருக்கிறேன், 2 மணிக்கு மேல் அழைக்கிறேன்', 'சரி, அளவு சாயங்காலம் சொல்கிறேன்.' ஒரு தட்டில் போய்விடும். விலை குறைந்த வாட்சில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியலாம், அதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

கேள்வி (கானாடுகாத்தான்): ஆப்பிள் வாட்ச் சலுகையில் வந்ததென்று விவரம் பார்க்காமல் ஆன்லைனில் வாங்கிவிட்டேன். ஸ்கிரிபிளில் தமிழ் எழுதினால் ஏதேதோ வருகிறது. திருப்பும் நாளும் போய்விட்டது. என்ன செய்யலாம்?

பதில்: விவரத்தைப் பார்க்காமலே இவ்வளவு பணம் கட்டுவதா? விரலால் ஒவ்வொரு எழுத்தாக வரைவதுதான் ஸ்கிரிபிள். அதில் இருக்கும் சில மொழிகளில் தமிழ் இல்லை. பொருளில் குறை இல்லாததால் கடை மேல் வழக்கும் நிற்காது.

ஐபோனில் Watch ஆப்பைத் திறந்து Messages, பிறகு Default Replies போங்கள். அங்கே தமிழில் வரிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். போன் பக்கத்தில் இருந்தால், வாட்சில் எழுதத் தொடங்கியதும் போனில் ஒரு அறிவிப்பு வரும். அதைத் தட்டிப் போனின் தமிழ்க் கீபோர்டிலேயே அடிக்கலாம்.