இரைப்பை அரைக்காததை அடுக்களை அரைக்கட்டும்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. சர்க்கரை நோய் வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. காலையும் இரவும் கலப்பு இன்சுலின் போடுகிறார். ஒரு இட்லி சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டது என்கிறார். மதியம் சாப்பிட்ட அவரைக்காய் இரவு வாந்தியில் அப்படியே வருகிறது. எண்டோஸ்கோப்பியில் அடைப்பு இல்லை, இரைப்பைதான் மெதுவாக வேலை செய்கிறது என்றார்கள். சர்க்கரைக்கு நல்லது என்று காய்கறியும் சிறுதானியமும் நிறையக் கொடுத்து வருகிறேன். எதை, எவ்வளவு கொடுப்பது?

பதில்: நீங்கள் அக்கறையோடு கூட்டிக் கொடுக்கும் நார்ச்சத்துதான் இப்போது முதலில் குறைய வேண்டியது. சர்க்கரை நோயாளிகளுக்கு நாங்கள் பொதுவாகச் சொல்லும் அறிவுரை, இரைப்பை ஒழுங்காக இயங்கும் என்ற நம்பிக்கையில் சொல்லப்படுவது. அந்த இயக்கம் தளர்ந்தவருக்கு அதே அறிவுரை துன்பமாகிவிடுகிறது.

இரைப்பையின் கீழ்ப்பகுதி ஓர் ஆட்டுக்கல்லைப் போல வேலை செய்கிறது. திட உணவை அது அழுத்தி அழுத்தி, ஏறத்தாழ ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுத் துகள்களாக ஆக்கிய பிறகே சிறுகுடலின் வாசல் அதை உள்ளே விடும். இந்த அரைப்பை நடத்தும் வேகஸ் நரம்பும், இரைப்பைச் சுவரில் அசைவுக்குத் தாளம் கொடுக்கும் உயிரணுக்களும், பல ஆண்டுகள் கட்டுப்படாத சர்க்கரையால் நலிந்துபோகின்றன. சாதாரணமாக 4 மணி நேரத்தில் ஏறக்குறைய காலியாகிவிட வேண்டிய திட உணவு, அதனால் இரவு வரை தேங்குகிறது. நீர்ம உணவோ அரைபட வேண்டியதில்லை என்பதால், பெரும்பாலோருக்கு ஓரளவு இயல்பாகவே இறங்கிவிடுகிறது. அம்மாவின் சாப்பாட்டை மாற்றும் வழி முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் இருக்கிறது.

ஆகவே எந்தப் பதார்த்தத்தையும் தட்டில் வைக்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். சிறிதளவை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நசுக்குங்கள். சாம்பாரில் ஊறிய இட்லியும், தோல் விதை நீக்கி வேகவைத்த பரங்கிக்காயும் விழுதாகிவிடும். அவரைக்காயை நசுக்கினால் சதை நழுவிப்போய், தோலும் நாரும் விரலில் நூல் போல நிற்கும். அந்த நூல்தான் இரைப்பையிலும் நிற்கிறது. நாள்பட்டால் ஒன்றோடொன்று பின்னி உருண்டையாகத் திரண்டு, வாசலை அடைத்துக்கொள்வதும் உண்டு. முருங்கைக்காய், வாழைத்தண்டு, வாழைப்பூ, கொத்தவரங்காய், கீரைத்தண்டு, தேங்காய்த் துருவல், தோலோடு கூடிய கொண்டைக்கடலை, ஆரஞ்சுச் சுளையின் சவ்வு, பச்சைக் காய்கறி சாலட் ஆகியவற்றை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். கேழ்வரகை விட மனமில்லையென்றால், ஊறவைத்து அரைத்து வடிகட்டிய பாலைக் கஞ்சியாகக் காய்ச்சலாம். கொழுப்பும் இரைப்பையின் வேகத்தைக் குறைக்கும் என்பதால் பூரி, வடை, எண்ணெய் மிதக்கும் குழம்பு ஆகியவை வேண்டாம். பாலில் கலந்திருக்கும் கொழுப்பு அந்த அளவுக்குத் தொல்லை தருவதில்லை. பல் சரியில்லாதவர் என்றால் இந்த மசிப்பு இன்னும் அவசியம்.

அளவைப் பொறுத்தவரை, மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்து அல்லது ஆறாகப் பிரித்து, ஒவ்வொரு வேளையும் ஏறக்குறைய ஒரு டம்ளர் கொள்ளும் அளவோடு நிறுத்துங்கள். காலை 7.30 மணிக்கு ஒரு இட்லி, தோல் நீக்கிய பருப்பை மசித்து வைத்த சாம்பாரோடு. 10.30 மணிக்கு ஒரு டம்ளர் பாலோ, வடிகட்டிய கஞ்சியோ. 1 மணிக்கு ஒரு கரண்டிச் சோற்றைப் பாசிப்பருப்போடு குழைத்து, மசித்த சுரைக்காயும் முள் நீக்கி உதிர்த்த வேகவைத்த மீனும். 4 மணிக்கு மோரில் கரைத்த சத்துமாவு, அதையும் வடிகட்டி. 7 மணிக்குப் பருப்புச் சூப்போ, முட்டை அடித்துக் கலந்த அரிசிக் கஞ்சியோ. மாலை நோக்கிப் போகப் போக உணவு நீர்மமாவதற்குக் காரணம், பகலில் சாப்பிட்டதன் மிச்சம் அந்நேரம் உள்ளே இருக்கக்கூடும் என்பதே. சாப்பாட்டின் நடுவே தண்ணீரை நிறையக் குடித்தால் இருக்கும் சிறிய இடமும் நிரம்பிவிடும்; தண்ணீரை இடைவேளைகளில் கொடுங்கள். சாப்பிட்டதும் படுக்காமல், வீட்டுக்குள்ளேயே மெதுவாக நடக்கட்டும். சிறுநீரகப் பாதிப்பும் இருந்தால், பருப்பு, பால், மீன் அளவுகளை உங்கள் மருத்துவரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

நீங்கள் கேட்காததும், நான் மிகவும் கவலைப்படுவதும் இன்சுலினைப் பற்றியது. கலப்பு இன்சுலினின் விரைவுப் பகுதி தன் நேரத்துக்கு வேலை செய்யத் தொடங்கிவிடும்; இட்லியோ இன்னும் இரைப்பையிலேயே இருக்கும். அதனால் சாப்பிட்ட ஒரு மணி நேரத்திலேயே வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் வந்து சர்க்கரை தாழ்ந்துபோகலாம். உணவு இறங்கும் நள்ளிரவில் அதே சர்க்கரை 300ஐத் தொடலாம். அப்படி உயர்ந்த சர்க்கரை இரைப்பையை மேலும் மந்தமாக்குவதால், அடுத்த நாள் நிலைமை இன்னும் மோசமாகிறது. நான்கு நாட்களுக்கு, சாப்பிட்ட 1, 2, 4 மணி நேரங்களில் குளுக்கோமீட்டரில் பார்த்து, என்ன சாப்பிட்டார் என்பதையும் சேர்த்து எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். முதல் மணி நேரத்தில் தாழ்ந்து நான்காவது மணி நேரத்தில் உயரும் வரிசையைப் பார்த்தால், இன்சுலினின் வகையையோ, போடும் நேரத்தையோ மாற்ற அவருக்கு ஆதாரம் கிடைக்கும். சிலருக்குச் சாப்பிட்ட பிறகு போடுமாறு அமைப்பதும் உண்டு. நீங்களாக மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். சாப்பாட்டின் வடிவத்தையும் அளவையும் மாற்றப்போவதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை 70க்குக் கீழே தாழ்ந்தால் பிஸ்கட் கொடுப்பது இவருக்கு உதவாது, ஏனெனில் அதுவும் இரைப்பையில் காத்திருக்கும். 15 கிராம் குளுக்கோஸ் தூளை அரை டம்ளர் நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் பாருங்கள். ஏறவில்லையென்றால் மறுபடி கொடுங்கள். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரை, ஊசிகளின் பட்டியலையும் ஒருமுறை காட்டுங்கள். சர்க்கரைக்குப் போடும் செமாகுளுடைட், லிராகுளுடைட் ஊசிகள், டிராமடால் போன்ற வலி மாத்திரைகள், நரம்பு எரிச்சலுக்குத் தரப்படும் அமிட்ரிப்டிலின் ஆகியவை இரைப்பையைத் தாமே மந்தமாக்கக்கூடியவை. அவற்றில் ஒன்றை மாற்றியதே சிலருக்குப் பெரிய நிம்மதியைத் தருகிறது. இரைப்பையைத் தூண்டும் மெட்டோகுளோபிரமைடு நீண்ட நாள் எடுத்தால் வாயும் நாக்கும் தாமாக அசையும் கோளாறு வரலாம். அதே வேலைக்குத் தரப்படும் டோம்பெரிடோன் இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பழைய சீட்டில் தொடர்வது ஆகாது.

புதிய முறைக்கு இரண்டு மூன்று வாரம் கொடுத்து, வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை குறைந்துகொண்டே போனாலோ, வாந்தியில் இரத்தமோ காப்பித்தூள் நிறமோ தென்பட்டாலோ, மலம் கறுத்தாலோ, நீர்கூடத் தங்காமல் வாந்தி தொடர்ந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இன்சுலின் போடுபவர் ஒன்றும் சாப்பிடாமல் வாந்தி எடுக்கும்போது இரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலம் ஏறலாம். சாப்பிடவில்லையே என்று இன்சுலினை அடியோடு நிறுத்திவிட்டுக் காத்திருப்பதுதான் அப்போது மிக ஆபத்தானது.