சொன்னால்தான் செய்கிறார், என்ன செய்வது?

"சொன்னால் என் கணவர் எல்லா வீட்டு வேலையும் செய்கிறார். ஆனால் சொல்லிச் சொல்லியே அலுத்துவிட்டது. வேலையை எப்படிப் பிரிப்பது?"

வேலையாகப் பிரிக்காதீர்கள், ஒரு பொறுப்பை முழுசாகக் கைமாற்றுங்கள். முதலில் கேஸ் சிலிண்டர்.

இப்போது அவர் சிலிண்டரை மாட்டிக் கொடுக்கிறார், அவ்வளவுதான். போன சிலிண்டரை என்றைக்கு மாட்டினோம், எப்போது புக் செய்வது, டெலிவரி அன்று வீட்டில் யார் இருப்பது என்பதெல்லாம் உங்கள் தலையில்தான் ஓடிக்கொண்டிருக்கும். சமூகவியலாளர் ஆலிசன் டாமிங்கர் 2019-இல் வெளியிட்ட ஆய்விலும் இதைப் பார்க்கலாம்: முடிவெடுப்பதைத் தம்பதிகள் ஓரளவு பகிர்ந்துகொள்கிறார்கள்; முன்கூட்டி யோசிப்பதும், நடந்ததா என்று கவனிப்பதும் பெரும்பாலும் பெண்ணிடமே தங்கிவிடுகிறது.

ஏஜென்சியில் பதிவான போன் நம்பரை அவருடையதாக மாற்றுங்கள், ஓடிபி அவருக்கே போகட்டும். மாட்டிய தேதியையும் அவரே காலண்டரில் குறிக்கட்டும். அப்புறம் அந்த சிலிண்டர் தீரும்வரை நீங்கள் வாயே திறக்கக் கூடாது. கஷ்டம்தான். ஆனால் "புக் பண்ணியாச்சா?" என்று ஒருமுறை கேட்டாலும் பொறுப்பு உங்களிடமே திரும்பிவிடும்.

வீட்டில் ஒரே சிலிண்டர்தான் என்றால் கரண்ட் பில்லில் ஆரம்பியுங்கள். குழந்தையின் மருந்து, தடுப்பூசியில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.