வீழ்படிவு வந்தும் பென்சாயிக் அமிலம் குறைவது ஏன்?

கேள்வி: பென்சாயிக் அமிலம், பாரா-டொலுயிடின், நாஃப்தலீன் மூன்றையும் தலா 2 கிராம் ஈதரில் கரைத்துப் பிரித்தேன். முதலில் 3 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், பிறகு 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு (15 மி.லி., இரண்டு முறை). கார நீர் அடுக்கில் அதே 3 மோலார் அமிலத்தைச் சேர்த்ததும் வெள்ளை வீழ்படிவு வந்தது, நீல லிட்மஸும் சிவந்தது. ஆனால் கிடைத்தது 0.5 கிராம்தான், உருகுநிலையும் 112–117. எங்கே தவறினேன்?

வடிநீரைக் கொட்டிவிடவில்லை என்றால் உடனே அதில் இன்னும் 5 மி.லி. அமிலத்தை ஊற்றிப் பாருங்கள். உங்கள் பென்சாயிக் அமிலத்தின் பெரும்பகுதி இன்னும் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கணக்கைப் பார்ப்போம். 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு ஏறத்தாழ 2.5 மோலார், 30 மி.லி.யில் 75 மில்லிமோல் காரம் இருக்கிறது. 2 கிராம் பென்சாயிக் அமிலம் 16.4 மில்லிமோல்தான். அதாவது தேவையைப் போல் நான்கு மடங்குக்கும் மேல் காரம் ஊற்றியிருக்கிறீர்கள். பிரித்தெடுக்க அது நல்லதுதான், ஆனால் திரும்ப அமிலமாக்கும்போது முதலில் அந்த மிகைக் காரம் தீர வேண்டும். 3 மோலார் அமிலத்தில் முதல் 19, 20 மி.லி. வரை கண்ணுக்கு எதுவும் தெரியாது. அதன்பிறகு வரும் 5 மி.லி.யில்தான் பென்சோயேட் முழுவதும் அமிலமாக மாறுகிறது. வெண்மையைக் கண்டதும் கை நின்றுவிடுவது இயல்பு. நீங்கள் 21.5 மி.லி. அளவில் நிறுத்தியிருந்தால் திடமாக வருவது 0.5 கிராம் அளவே. மீதியில் 1.3 கிராம் அளவுக்குச் சோடியம் பென்சோயேட்டாகவே கரைசலில் நிற்கும்; கரைந்த அமிலமாக மேலும் 0.2 கிராம் போகும்.

லிட்மஸ் சிவந்ததே என்று கேட்பீர்கள். அங்கேதான் ஏமாற்றம். அந்தக் கட்டத்தில் கரைசலின் பி.எச். ஏறத்தாழ 5. லிட்மஸ் அதிலேயே சிவந்துவிடும். பென்சாயிக் அமிலமோ 4.2-இல்தான் கரைசலில் பாதிக்குப் பாதி அயனியாக இருக்கும்; 5-இல் கரைந்திருப்பதில் பெரும்பகுதி அயனிதான். ஆகவே லிட்மஸை நம்ப வேண்டாம். பொது நிறங்காட்டித் தாளில் பி.எச். 2 அல்லது அதற்குக் கீழ் காட்டும் வரை அமிலம் ஊற்றுங்கள். பிறகு தெளிந்த நீரில் இரண்டு சொட்டு அமிலம் விட்டுப் பாருங்கள். புதிதாக வெண்மை தோன்றவில்லை என்றால்தான் முடிந்தது. அதன்பிறகு பனிக்கட்டியில் வைத்துக் குளிர்வித்து, மிகக் குறைந்த குளிர்ந்த நீரால் கழுவுங்கள். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் 3.4 கிராம் பென்சாயிக் அமிலத்தைக் கரைக்கும். 0 டிகிரியில் அதில் பாதிதான்.

உருகுநிலை குறைந்தது வேறு கதை. டொலுயிடின்மீது எனக்குச் சந்தேகமில்லை. அது கொஞ்சம் கார அடுக்குக்குள் நுழைந்திருந்தாலும், அமிலம் சேர்க்கும்போது உப்பாகி வடிநீரோடு போய்விடும். எனவே மீதமிருப்பது இரண்டு: ஈரம் அல்லது நாஃப்தலீன். மாதிரியை நன்றாக உலர்த்தி மீண்டும் உருகுநிலை பாருங்கள். 121–122-க்கு ஏறினால் ஈரம்தான். ஏறவில்லை என்றால் முகராமலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும், பாச்சை உருண்டை வாசனை தானாகவே வரும். என் முதல் முயற்சியில் எனக்கு அப்படித்தான் ஆனது. ஒரு மாதிரி முழுவதையும் சுடுநீரில் மீண்டும் படிகமாக்க வேண்டி வந்தது.

காரணம் எளிது. பிரிபுனலில் கார அடுக்கை இறக்கும்போது சிறு ஈதர் துளிகளும் கூடவே இறங்குகின்றன. நீரில் கொஞ்சம் ஈதர் கரைந்தும் இருக்கிறது. அந்த ஈதரில் நாஃப்தலீன் இருக்கிறது. அமிலம் சேர்த்ததும் அதுவும் பென்சாயிக் அமிலத்தோடு வந்து ஒட்டிக்கொள்கிறது. இதற்கு, கார நீர் அடுக்கை அமிலமாக்கும் முன்பே 10 மி.லி. புதிய ஈதரோடு ஒருமுறை குலுக்கி, அந்த ஈதரை முதல் ஈதர் அடுக்கோடு சேர்த்துவிடுங்கள். டொலுயிடின் இருக்கும் அமில அடுக்குக்கும் இதையே செய்ய வேண்டும். பெரும்பாலான செய்முறைக் குறிப்பேடுகள் இந்த ஒரு படியை விட்டுவிடுகின்றன என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

டொலுயிடின் பற்றி ஒன்று: அதன் உருகுநிலை 44 டிகிரிதான். அமில அடுக்கில் காரம் ஊற்றும்போது கரைசல் சூடாகும். அப்போது அது படிகமாகாமல் எண்ணெயாகத் திரளும். பனிக்கட்டியில் வைத்துக் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கண்ணாடிக் கோலால் குடுவையின் உட்புறத்தைச் சுரண்டினால் படிகம் பிடிக்கும். கையுறை அவசியம், தோல் வழியாக உள்ளே போகும் நச்சு அது. நாஃப்தலீனை மட்டும் உலர் அடுப்பில் வைக்காதீர்கள். பதங்கமாகி எடை குறைந்துவிடும். ஈதர் ஆவியானபின் வடிதாளில் பரப்பி, அறை வெப்பத்திலேயே சற்று நேரம் உலரவிட்டு, உடனே எடை போடுங்கள்.