ஓவர்டைம் பில்: எந்த ரேட்டை இரட்டிப்பது?

கேள்வி: கடலூரில் சின்னதாக மேன்பவர் ஏஜென்சி நடத்துகிறேன். சேதராப்பட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனிக்கு வெல்டர், ஹெல்பர் என்று 14 பேரை அனுப்புகிறேன். மணிக்கணக்கில்தான் பில். சில பேர் ஒரே வாரத்தில் இரண்டு வேலையும் பார்ப்பதால், இரண்டு ரேட்டுக்கும் சராசரி போட்டு, ஓவர்டைமுக்கு அதையே டபுளாக்கி எழுதுகிறேன். கம்பெனி அக்கவுண்ட்ஸில் இரண்டு மாதமாக பில்லைத் திருப்பி அனுப்புகிறார்கள். எப்படிப் போடுவது சார்?

பதில்: ஓவர்டைமுக்கு இரட்டிப்பாக வேண்டியது ஆளுடைய சம்பளம்தான், உங்கள் பில் ரேட் அல்ல. பழைய தொழிற்சாலைச் சட்டமானாலும் சரி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிற தொழிலாளர் சட்டத் தொகுப்பானாலும் சரி, தொழிலாளிக்கு இரட்டிப்புச் சம்பளம் தரச் சொல்கின்றன. ஏஜென்சியின் ரேட்டைப் பற்றி அவற்றில் ஒரு வார்த்தையும் இல்லை. அது உங்களுக்கும் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தம்.

உதாரணத்துக்கு, வெல்டருக்கு மணிக்கு 100 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். பிஎஃப், இஎஸ்ஐ, போனஸ், லீவு சம்பளம் எல்லாம் சேர்த்து 30 ரூபாய், உங்கள் சர்வீஸ் சார்ஜ் 10 ரூபாய். பில் ரேட் 140. ஹெல்பருக்கு இதே கணக்கில் 70, 21, 7, மொத்தம் 98. இப்போது வெல்டர் ஒரு மணி நேரம் ஓவர்டைம் பார்த்தால் நீங்கள் அவருக்குக் கொடுப்பது 200. ஓவர்டைம் தொகைக்கு பிஎஃப் கிடையாது; போனஸும் லீவு சம்பளமும் அதைச் சேர்த்துக் கணக்கிடுவதில்லை. ஆக 200-உடன் சர்வீஸ் சார்ஜ் 10 சேர்த்து 210 கேட்பது நியாயம். ஓவர்டைமுக்கும் இஎஸ்ஐ கட்டுகிறீர்கள் என்றால் உங்கள் பங்கு 3.25 சதவீதம், அதாவது 6.50 ரூபாயையும் சேர்த்துக்கொள்ளலாம். நீங்கள் 280 கேட்டால், எதற்கு என்று அக்கவுண்ட்ஸ்காரர் கேட்கத்தான் செய்வார். சில ஏஜென்சிகள் இதற்கு நேர்மாறாக, பில் சிக்கலில்லாமல் பாஸாகட்டும் என்று ஓவர்டைமுக்கும் 140-ஏ போடுகின்றன. அவர்களுக்கு மணிக்கு 60 ரூபாய் கையை விட்டுப் போகிறது. அந்த இழப்பை ஆளின் சம்பளத்தில் பிடித்தால் அப்புறம் லேபர் ஆபீஸில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சராசரிக்கு வருவோம். உங்கள் ஆள் ஒருவர் திங்கள் முதல் புதன் வரை ஹெல்பர், வியாழன் முதல் சனி வரை வெல்டர். தினம் 8 மணி நேரம், வியாழன் மட்டும் 11. சரியான பில் இது: ஹெல்பர் 24 மணிக்கு 2,352, வெல்டர் 24 மணிக்கு 3,360, வெல்டர் ஓவர்டைம் 3 மணிக்கு 630. மொத்தம் 6,342. உங்கள் முறைப்படி சராசரி 119. 48 மணிக்கு 5,712, ஓவர்டைம் 3 மணிக்கு 714, ஆக 6,426. கம்பெனியிடம் 84 ரூபாய் கூடுதலாகக் கேட்டிருக்கிறீர்கள். அதே ஆள் திங்கள் மட்டும் ஹெல்பராக இருந்து, மீதி ஐந்து நாளும் வெல்டிங் பார்த்திருந்தால் சரியான தொகை 7,014. உங்கள் பில் அப்போதும் அதே 6,426தான். 588 ரூபாய் உங்களுக்கு நஷ்டம். ஆள் என்ன வேலை பார்த்தாலும் மாறாத பில்லை டைம்ஷீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

அதனால் ஒரு ஆளுக்கு எத்தனை ரேட்டோ அத்தனை வரி எழுதுங்கள். ஓவர்டைமுக்குத் தனி வரி. அந்தக் கூடுதல் நேரத்தில் அவர் எந்த வேலை பார்த்தாரோ அந்த ரேட். இதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட்டால் மாதாமாதம் பேச்சு இருக்காது. டைம்ஷீட்டில் "வேலை" என்று ஒரு கட்டம் போட்டு, ஷிஃப்ட் சூப்பர்வைசரிடம் அன்றன்றைக்கே கையெழுத்து வாங்குங்கள். மாதக் கடைசியில் 30 நாளுக்கும் ஒரே பேனாவில் போட்ட கையெழுத்தை யாரும் நம்புவதில்லை.

இன்னொரு வாக்குவாதம் வரும். ஆள் செவ்வாய் லீவு, வியாழன் 11 மணி நேரம். "வாரத்தில் 48 மணியே தாண்டவில்லையே, ஏது ஓவர்டைம்?" என்பார்கள். நாள் வரம்பு வேறு, வார வரம்பு வேறு. இரண்டில் ஒன்றைத் தாண்டினாலே ஓவர்டைம்தான். உங்கள் ஒப்பந்தத்தில் நாளுக்கு 8 மணி என்றிருந்தால் அந்த 3 மணி நிற்கும். ஆனால் நாள் கணக்கில் எடுத்த அதே 3 மணியை வாரக் கணக்கிலும் எடுத்து 6 ஆக்கிவிடக் கூடாது. வாரம் இரண்டு மாதத்தில் விழுந்தால், நாள் கணக்கு ஓவர்டைம் அந்தந்தத் தேதியின் மாதத்திலும், வாரக் கணக்கில் வருவது வாரம் முடிகிற மாதத்திலும் போகட்டும்.

எக்செல்லில் போடுகிறவர்களுக்கு ஒன்று. எட்டரை மணியை 8.30 என்று அடிக்காதீர்கள், அது 8.5. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாதம் முழுக்க இப்படி அடித்து, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆளுக்கு ஒரு நாளில் 12 நிமிஷம்தான் குறைந்தது, ஆனால் 40 ஆளுக்கு. வந்த நேரம் B-யிலும் போன நேரம் C-யிலும் இருந்தால், அரை மணி சாப்பாட்டு இடைவேளையைக் கழிக்க D-யில் முதல் வரியையும், ஓவர்டைமுக்கு E-யில் இரண்டாவது வரியையும் போடுங்கள்:

```
=ROUND(MOD(C2-B2,1)*24-0.5,2)
=MAX(0,D2-8)
```

MOD இருப்பதால் இரவு 10 மணிக்கு வந்து காலை 6:30-க்குப் போகிறவருக்கும் 8 என்று சரியாக வரும். நைட் ஷிஃப்டை ஆரம்பித்த தேதியிலேயே எழுதுங்கள். கம்பெனியின் கேட் பஞ்ச் நேரத்தோடு வாரம் ஒரு முறை ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் சூப்பர்வைசருக்கு நினைவிருக்கும்போதே பேசித் தீர்த்துவிடலாம்.

நீங்கள் கடலூர், அவர்கள் புதுச்சேரி என்பதால் ஒரு சந்தேகம். பில்லில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று 9, 9 போட்டிருக்கிறீர்களா? உங்கள் ஜிஎஸ்டி எண் 33-இல் ஆரம்பிக்கும், அவர்களுடையது 34-இல். பக்கத்து ஊர் போலத் தெரிந்தாலும் இது மாநிலம் விட்டு மாநிலம். 18 சதவீதமும் ஐஜிஎஸ்டியாகத்தான் வர வேண்டும். சர்வீஸ் சார்ஜுக்கு மட்டுமல்ல, சம்பளம், பிஎஃப் உட்பட முழுத் தொகைக்கும் போட வேண்டும். மேலே சொன்ன ஆளுக்கு 6,342-க்கு 1,141.56 சேர்ந்து 7,483.56. அவர்கள் டிடிஎஸ் பிடிப்பது 6,342-க்குத்தான், ஜிஎஸ்டி சேர்ந்த தொகைக்கு அல்ல. அதற்கு ஜிஎஸ்டியை பில்லில் தனி வரியாகக் காட்டியிருக்க வேண்டும்.

திரும்பி வந்த இரண்டு மாத பில்லையும் ஆள்வாரியாக, ரேட்வாரியாகப் பிரித்து, டைம்ஷீட் நகலோடு மறுபடி கொடுங்கள். ஜிஎஸ்டி ரிட்டர்னில் பழைய பில்களை ஏற்கெனவே காட்டிவிட்டீர்கள் என்றால், வெறுமனே கிழித்துப் போடாமல் கிரெடிட் நோட் போட்ட பிறகு புது பில் எழுத வேண்டும்.